நாலு ஜி.பி. சுவர்!

ஆக்‌ஷன் கேமரா வெச்சிருக்கிற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும் பாஸ். ரெக்கார்ட் பட்டனை ஒரே ஒரு தடவைதான் அமுக்கியிருப்பீங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவைதான் நிறுத்தியிருப்பீங்க. நடுவில் கேமராவைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா மெமரி கார்டை லேப்டாப்பில் செருகினா, ஒண்ணுக்கு மூணா ஃபைல்கள் உட்கார்ந்துகிட்டு பல்லை இளிக்கும்!

டூர் வீடியோன்னா பரவாயில்லை. எப்படியும் வெட்டி, ஒட்டி, பாட்டு போட்டுத்தான் குரூப்ல விடப்போறோம். ஆனா சில வீடியோக்கள் வெட்டாம இருந்தாத்தான் மரியாதை. இந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சீனியர்களுக்கு அப்படி ஒரு வீடியோ மாட்டுச்சு. அதை ஒட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. ஒட்டுறதைவிட, 'ஒட்டினதுல ஒண்ணும் தொலையலை'ன்னு நிரூபிக்கிறதுதான் பெரிய வேலைன்னு அப்போதான் புரிஞ்சது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் கமாண்ட் எல்லாம் வரும். பயந்துடாதீங்க, நாலே நாலுதான்.

மேட்டர் இதுதான். ஃபைனல் இயர் அக்கா ஒருத்தரும் அண்ணா ஒருத்தரும் பழைய சைக்கிளில் ஹப் மோட்டார் மாட்டி, சின்னதா ஒரு 36 வோல்ட் பேட்டரி பேக் வெச்சு ப்ராஜெக்ட் பண்ணினாங்க. ஃபுல் சார்ஜில் ஆரம்பிச்சு, கன்ட்ரோலர் தானா கட் பண்ற வரைக்கும் கேம்பஸ் ரிங் ரோட்டையே சுத்திச் சுத்தி ஓட்டணும். எவ்வளவு நேரம் ஓடுது, வோல்டேஜ் எப்படி இறங்குது, இதுதான் டெஸ்ட். ஹேண்டில்பாரில் ஒரு வோல்ட்மீட்டர், பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடுற ஒரு மொபைல், அண்ணா நெஞ்சில் ஒரு கோப்ரோ கேமரா. வண்டி அரை மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு. எல்லாருக்கும் செம சந்தோஷம்!

மறுநாள் கைடு மேடம் மூணு ஃபைலையும் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "முதல் ஃபைல் முடிஞ்சு ரெண்டாவது ஆரம்பிக்கிறதுக்கு நடுவில், நீங்க வண்டியை நிறுத்திட்டு பேட்டரியை மாத்தலைன்னு எக்ஸ்டர்னல் கேட்டா என்ன சொல்வீங்க?"

அக்கா முகம் சுருங்கிப்போச்சு. மறுபடி டெஸ்ட் பண்ணலாம்னா, லேபில் கடன் வாங்கின பேட்டரி பேக்கைத் திருப்பிக் கொடுத்தாச்சு. வேற பேட்ச் அதைக் கழட்டி வேற எதுக்கோ மாட்டிட்டாங்க. ரிவ்யூவுக்கு ரெண்டே நாள். ஆக, கையில் இருக்கிற மூணு துண்டுதான் மொத்த ஆதாரம்.

கேமரா ஏன் வெட்டுது?

மேடம் கேட்டதுக்குப் பதில் சொல்லணும்னா, முதல்ல இது தெரியணும். மெமரி கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறைக்கு FAT32-ன்னு பேர். 1996-ல் விண்டோஸ் 95-ஓட ஒரு பதிப்பில் வந்தது. இதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு இருக்கும். பேர் என்ன, எங்கே ஆரம்பிக்குது, எவ்வளவு பெருசுன்னு அதில் எழுதியிருக்கும். அந்த 'எவ்வளவு பெருசு'ங்கிறதை எழுத ஒதுக்கின இடம் வெறும் 32 பிட். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அவ்வளவுதான்! அதுக்கு மேல ஒரே ஒரு பைட் கூடினாலும் அதை எழுத இடமில்லை. இதுதான் நாம சொல்ற 'நாலு ஜி.பி.' சுவர்.

32 ஜி.பி. வரைக்குமான கார்டுகள் FAT32 முறையில் வருது. 64 ஜி.பி.யிலிருந்து மேல போனா exFAT. அதில் இந்தச் சுவர் கிடையாது. ஆனாலும் பல ஆக்‌ஷன் கேமராக்கள் எந்தக் கார்டைப் போட்டாலும் நாலு ஜி.பி. கிட்ட வந்ததும் ஃபைலை மூடிட்டு அடுத்ததைத் திறந்துடும். சில புது மாடல்கள் இதைவிடப் பெரிய துண்டா வெட்டும். இப்படி வெட்டுறதில் ஒரு நன்மையும் இருக்கு. நடுவில் பேட்டரி செத்தா கடைசித் துண்டுதான் கெடும். முன்னாடி மூடின துண்டெல்லாம் பத்திரமா இருக்கும்.

எங்க கேமரா செட்டிங் 1080, நொடிக்கு 30 ஃப்ரேம், சுமார் 45 மெகாபிட். கேமரா சுவரில் முட்டுற வரைக்கும் காத்திருக்காம, 400 கோடி பைட் வந்ததுமே ஃபைலை மூடிடுச்சு. 400 கோடியை எட்டால் பெருக்கி 45 மெகாபிட்டால் வகுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட 12 நிமிஷம் வரும். எங்க துண்டும் 11 நிமிஷம் 46 நொடிதான்.

இதில் மேடத்துக்கான முதல் பதில் இருக்கு. மனுஷன் நிறுத்தினா துண்டு ஏதாவது ஒரு சைஸில்தான் நிக்கும். முதல் ரெண்டு ஃபைலும் ஒண்ணைப்போல ஒண்ணு 400 கோடி பைட்டைத் தொட்டு நிக்குதுன்னா, அதை நிறுத்தினது அண்ணா இல்லை, கேமரா! மூணாவது ஃபைல் மட்டும்தான் சின்னது. அங்கேதான் அண்ணா நிஜமாவே பட்டனை அமுக்கினார்.

பேரிலேயே இருக்கு ஜாதகம்

கார்டில் மொத்தம் அஞ்சு ஃபைல் இருந்தது. முதல்ல சும்மா ஒரு ட்ரையல், அப்புறம் டெஸ்ட், டெஸ்ட் முடிஞ்சதும் எல்லாரும் போட்ட ஆட்டம். விண்டோஸ் அதைப் பேர் வாரியா இப்படி அடுக்கிக் காட்டுச்சு:

```
GH010033.MP4
GH010034.MP4
GH010035.MP4
GH020034.MP4
GH030034.MP4
```

பார்த்ததும் 33, 34, 35-ன்னு வரிசையா இருக்கேன்னு அப்படியே ஒட்டினீங்கன்னா, டெஸ்ட்டுக்கு நடுவில் குத்தாட்டம் வந்துடும்! இந்தப் பேரை ரெண்டாப் பிரிச்சுப் படிக்கணும். கடைசி நாலு எண்தான் ரெக்கார்டிங் நம்பர். அதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு எண், அந்த ரெக்கார்டிங்கில் எத்தனையாவது துண்டுன்னு சொல்லுது. அதனால நமக்கு வேணும்கிறது 0034-ன்னு முடியிற மூணு ஃபைல். அதில் 01, 02, 03-ங்கிறதுதான் வரிசை. ரெண்டாவது எழுத்து H-ன்னா பழைய ஹெச்.264 முறை, X-ன்னா புது ஹெச்.இ.வி.சி. முறை.

மேடத்துக்கு ரெண்டாவது பதில் இங்கே கிடைச்சது. வண்டியை நிறுத்தி, ரெக்கார்டிங்கை நிறுத்தி, மறுபடி ஆரம்பிச்சிருந்தா ரெக்கார்டிங் நம்பர் 0035-ஆ மாறியிருக்கும். மூணும் 0034-ங்கிறதால, பட்டன் அமுக்கினது ஒரு தடவைதான்.

உங்ககிட்ட இருக்கிறது ஹீரோ 5 மாதிரி பழைய கோப்ரோன்னா பேர் வேற மாதிரி இருக்கும். முதல் துண்டு GOPR0034, ரெண்டாவது GP010034, மூணாவது GP020034. இங்கே 01-ங்கிறது ரெண்டாவது துண்டு. இதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

ஃபெவிகால் போட்டு ஒட்டக் கூடாது

அண்ணாவுக்குப் பொறுமை இல்லை. "இதுக்கு எதுக்குடா இவ்வளவு ஆராய்ச்சி? மூணு ஃபைலையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒட்டினா முடிஞ்சது"ன்னு கமாண்ட் விண்டோவைத் திறந்து `copy /b` அடிச்சுட்டார். பத்தரை ஜி.பி.க்கு ஒரு ஃபைலும் வந்துடுச்சு. ப்ளேயரில் போட்டா சூப்பரா ஓடுச்சு... 11 நிமிஷம் 46 நொடிக்கு! அதோட சுபம்.

ஏன்னு கேட்டா, எம்.பி.4 ஃபைல் என்பது வீடியோவைக் கொட்டி வெச்ச மூட்டை இல்லை. அது ஒரு புத்தகம் மாதிரி. உள்ளே ரெண்டு முக்கியமான பகுதி. `mdat`-ங்கிறதில் நிஜமான படமும் சத்தமும் இருக்கும். `moov`-ங்கிறது பொருளடக்கம். எந்த ஃப்ரேம் எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்குது, எவ்வளவு நேரம் திரையில் நிக்கணும், எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். ப்ளேயர் முதல்ல பொருளடக்கத்தைத்தான் தேடும்.

மூணு புத்தகத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டினா என்ன ஆகும்? முதல் பொருளடக்கம் முதல் புத்தகத்தின் பக்கங்களை மட்டும்தான் சொல்லும். ப்ளேயர் அதைப் படிச்சுட்டு, அவ்வளவுதான் கதைன்னு நினைச்சுக்கும். மிச்ச ஏழு ஜி.பி. உள்ளே இருக்கும், ஆனா யாரும் அதைத் திறக்க மாட்டாங்க. ஃபைல் சைஸ் பெருசாவும் ஓடுற நேரம் சின்னதாவும் இருந்தா, யாரோ இந்த வேலையைப் பண்ணியிருக்காங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

அக்கா சொன்ன யோசனை வேற. எடிட்டிங் சாஃப்ட்வேரில் மூணையும் வரிசையா வெச்சு எக்ஸ்போர்ட் பண்ணலாம்னாங்க. அது ஓடும், ஆனா பொதுவா சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரிச்சு, மறுபடி புதுசா அழுத்தி எழுதும். நேரம் போறது ஒரு பக்கம். வோல்ட்மீட்டரில் இருக்கிற சின்ன எண்கள் கொழகொழன்னு ஆகிடும். அதைவிட முக்கியம், 'எடிட் பண்ணின வீடியோ'ங்கிற பேர் அதுக்கு வந்துடும். எங்களுக்கு வேண்டாததே அதுதான்.

பக்கத்தைத் தொடாம பொருளடக்கத்தை மட்டும்...

சரியான வழி, மூணு புத்தகத்தின் பக்கங்களையும் அப்படியே வரிசையா எடுத்து வெச்சு, மொத்தத்துக்கும் புதுசா ஒரே பொருளடக்கம் எழுதறது. படத்தையும் சத்தத்தையும் ஒரு பிட் கூட மாத்தக் கூடாது. இதை இலவச ffmpeg அழகாப் பண்ணும். மூணு ஃபைலையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, அங்கேயே நோட்பேடில் `list.txt`-ன்னு ஒண்ணு எழுதுங்க:

```
file 'GH010034.MP4'
file 'GH020034.MP4'
file 'GH030034.MP4'
```

அப்புறம் அதே ஃபோல்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து இதை அடிங்க:

```
ffmpeg -f concat -i list.txt -c copy test.mp4
```

இதில் உயிர்நாடி `-c copy`. 'எதையும் பிரிச்சு மறுபடி அழுத்தாதே, உள்ளபடியே எடுத்து வை'ன்னு அர்த்தம். அதை விட்டுட்டா ffmpeg-ம் எடிட்டிங் சாஃப்ட்வேர் மாதிரியே எல்லாத்தையும் மறுபடி எழுத ஆரம்பிச்சிடும். கம்ப்யூட்டருக்கு இங்கே கணக்குப் போடுற வேலை ரொம்பக் கம்மி. ஹார்டு டிஸ்க் எவ்வளவு வேகமாப் படிச்சு எழுதுமோ அவ்வளவுதான் நேரம். ஒரு டீ குடிச்சுட்டு வந்தா முடிஞ்சிருக்கும்.

உள்ளபடியே எடுத்து வெச்சா ஒட்டுற இடத்தில் படம் உடையாதான்னு உங்களுக்குச் சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப் படம் இல்லை. அப்பப்போ ஒரு முழுப் படம் வரும். நடுவில் வர்றதெல்லாம் 'முன்னாடி இருந்ததில் இது மட்டும் மாறியிருக்கு'ங்கிற குறிப்புகள்தான். கேமரா துண்டு போடும்போது ஒவ்வொரு துண்டையும் ஒரு முழுப் படத்தோடதான் ஆரம்பிக்கும். அதனாலதான் ரெண்டாவது துண்டைத் தனியாப் போட்டாலும் ஓடுது. அதே காரணத்தால்தான் முதல் துண்டின் வாலில் அதை ஒட்டினாலும் உடையாம ஓடுது.

சத்தத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. வீடியோ ஒரு ஃப்ரேம் 33 மில்லி செகண்ட். சத்தம் வேற சைஸ் டப்பாவில் வருது, ஒரு டப்பா சுமார் 21 மில்லி செகண்ட். ரெண்டும் ஒரே நொடியில் சரியா முடியாது. அதனால ஒட்டுற இடத்தில் ஒரு சின்ன மிச்சம் இருக்கும். ஹெட்போன் போட்டு உத்துக் கேட்டா சில சமயம் லேசா ஒரு 'டிக்' கேட்கும். ffmpeg ஒவ்வொரு துண்டின் படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே தள்ளி வைக்கிறதால, போகப்போக வாயசைவும் பேச்சும் விலகிப் போற பிரச்னை வராது. படத்தைத் தனியா, சத்தத்தைத் தனியா ஒட்டி அப்புறம் கல்யாணம் பண்ணி வெச்சாத்தான் அந்தத் தொல்லை வரும்.

எண்ணிப் பாருங்க, நம்புங்க

ஒட்டியாச்சு. ஓடுது. ஆனா 'ஓடுது'ங்கிறது ஆதாரம் இல்லையே! மேடம் முன்னாடி நிக்க எண் வேணும். எம்.பி.4-ன் பொருளடக்கத்திலேயே மொத்தம் எத்தனை ஃப்ரேம்னு இருக்கும். அதை எடுத்துச் சொல்ல ffmpeg-ஓடயே வர்ற ffprobe போதும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=nb_frames -of csv=p=0 GH010034.MP4
```

ஃபைல் பேரை மட்டும் மாத்தி மாத்தி நாலு தடவை அடிச்சோம். முதல் துண்டில் 21,150 ஃப்ரேம். ரெண்டாவதில் அதே 21,150. மூணாவதில் 14,052. கூட்டினா 56,352. ஒட்டின `test.mp4`-ல் எவ்வளவுன்னு பார்த்தா... 56,352! ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை. அக்கா அந்த எண்ணை ரெக்கார்ட் நோட்டில் எழுதி ரெண்டு தடவை அடிக்கோடு போட்டாங்க.

நேரத்தையும் சரி பார்க்கலாம். பெட்டியில் 30 ஃப்ரேம்னு போட்டிருந்தாலும் நிஜத்தில் நொடிக்கு 29.97 ஃப்ரேம். 56,352-ஐ அதால் வகுத்தா 1,880 நொடி, அதாவது 31 நிமிஷம் 20 நொடி. ப்ளேயரும் அதையேதான் காட்டுச்சு.

ஆனா இதில் ஒரு ஓட்டை இருக்குன்னு கவனிச்சீங்களா? நாம ஒட்டும்போது எதுவும் தொலையலைங்கிறதைத்தான் இந்தக் கூட்டல் நிரூபிக்குது. கேமராவே ஒரு ஃபைலை மூடி அடுத்ததைத் திறக்கிற நேரத்தில் எதையாவது விட்டிருந்தா? அது எந்தத் துண்டிலும் இருக்காதே, கூட்டலில் எப்படித் தெரியும்? மேடத்தோட கேள்விக்கு மெயினான பதில் இங்கேதான் இருந்தது.

ஹேண்டில்பாரில் மொபைல் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கிட்டு இருந்ததே, அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. அது நொடியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் காட்டும். ஒட்டின வீடியோவில் 11 நிமிஷம் 45 நொடிக்குப் போய், ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பார்த்தோம். வி.எல்.சி. ப்ளேயரில் E பட்டனை அமுக்கினா ஒரு ஃப்ரேம் நகரும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஸ்டாப்வாட்ச் மூணு நூறில் பங்கு, எப்பவாவது நாலு கூடிச்சு. ஒட்டின இடத்தைத் தாண்டும்போதும் அதே மூணுதான்! வோல்ட்மீட்டரும் அதே எண்ணில் நின்னது. ரெண்டாவது ஒட்டு 23 நிமிஷம் 31 நொடியில். அங்கேயும் அப்படியே. கேமரா ஒரு ஃப்ரேமைக்கூட விடலை.

அதனால, இந்த மாதிரி டெஸ்ட் எடுக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. படத்துக்குள்ள ஓடுற கடிகாரம் ஒண்ணு தெரியணும். கேமரா எழுதுற நேரம் வேற, ஃப்ரேமுக்குள்ள தெரியிற நேரம் வேற. ரெண்டாவதுதான் சாட்சி. கடிகாரம் இல்லாட்டி, தொடர்ந்து ஒரே வேகத்தில் நகர்ற எதையாவது பார்த்துத்தான் முடிவு பண்ணணும். அது தோராயம்தான்.

காணாமப் போன ஜி.பி.எஸ்.

எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சப்போ அக்கா கேட்டாங்க: "வேகத்தோட கிராஃப் வேணுமே, அது இதில் வருமா?"

அந்தக் கேமராவில் ஜி.பி.எஸ். இருந்தது. (எல்லா மாடலிலும் இருக்காது. கோப்ரோ 2023-ல் விட்ட ஹீரோ 12-ல் ஜி.பி.எஸ். கிடையாது.) வேகம், இடம், கேமரா எப்படி ஆடுச்சு, எல்லாத்தையும் கேமரா அதே எம்.பி.4-க்குள்ள படம், சத்தத்துக்குப் பக்கத்தில் தனி ஓடையா எழுதி வைக்கும். ஆனா ffmpeg-கிட்ட எதுவும் சொல்லாட்டி அது ஒரு படத்தையும் ஒரு சத்தத்தையும் மட்டும்தான் எடுத்துக்கும். மிச்சத்தைச் சத்தமே இல்லாம விட்டுடும். எங்க `test.mp4`-லும் அது இல்லை.

அசல் துண்டு ஒண்ணை `ffprobe GH010034.MP4`-ன்னு கேட்டா உள்ளே இருக்கிற ஓடைகளை வரிசையாச் சொல்லும். அதில் இப்படி ஒரு வரி இருந்தது:

```
Stream #0:3(eng): Data: bin_data (gpmd / 0x646D7067)
```

இந்த `gpmd`-தான் நாங்க தேடினது. ஓடை எண் 3. அதனால எந்தெந்த ஓடை வேணும்னு எண்ணைச் சொல்லியே மறுபடி ஒட்டினோம்:

```
ffmpeg -f concat -i list.txt -map 0:0 -map 0:1 -map 0:3 -c copy -copy_unknown -tag:2 gpmd full.mp4
```

0 படம், 1 சத்தம், 3 ஜி.பி.எஸ். புது ஃபைலில் அது மூணாவதா உட்காரும். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணுறதால அதுக்கு எண் 2. அதான் `-tag:2`. உங்க கேமராவில் எண்கள் மாறலாம், ffprobe சொல்றதைப் பார்த்துப் போடுங்க. முடிஞ்சதும் `full.mp4`-ஐ ffprobe-கிட்ட கேட்டு `gpmd` வரி இருக்கான்னு உறுதிப்படுத்திக்கணும். எங்களுக்கு இருந்தது. ஃப்ரேம் கணக்கையும் மறுபடி பார்த்தோம், அதே 56,352. ஓடை எண்ணோட மல்லுக்கட்ட விருப்பம் இல்லாதவங்களுக்கு, `mp4_merge`-ன்னு ஒரு இலவச டூல் இருக்கு. துண்டுகளைக் கொடுத்தா இந்தக் கூடுதல் ஓடைகளையும் விடாம ஒட்டிக் கொடுக்கும்.

மறுபடியும் அதே சுவர்!

ரிவ்யூவுக்கு எடுத்துட்டுப் போக அண்ணா ஒரு பென் டிரைவைச் செருகினார். 32 ஜி.பி. பென் டிரைவ், உள்ளே சுத்தமாக் காலி. பத்தரை ஜி.பி. ஃபைலை இழுத்துப் போட்டா, ஃபைல் ரொம்பப் பெருசு, முடியாதுன்னு விண்டோஸ் கையை விரிச்சிடுச்சு. "காலியாத்தானடா இருக்கு!"ன்னு அண்ணா கத்தினார்.

இந்நேரம் உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அந்தப் பென் டிரைவ் FAT32. எந்தச் சுவருக்காகக் கேமரா மூணாத் துண்டு போட்டுச்சோ, ஒட்டினதும் அதே சுவர் முன்னாடி வந்து நிக்குது! பென் டிரைவை exFAT-ஆ ஃபார்மேட் பண்ணினா போதும், ஃபைல் ஏறிடும். ஃபார்மேட் பண்ணினா உள்ளே இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும், அதனால முன்னாடியே காப்பி எடுத்துக்கோங்க. காலேஜ் ஹாலில் இருக்கிற ப்ரொஜெக்டரிலோ டி.வி.யிலோ நேரா செருகிப் போடுறதா இருந்தா, அது exFAT-ஐப் படிக்குமான்னு முந்தின நாளே பார்த்துடுங்க. சில பழைய டி.வி.க்கள் படிக்காது.

ரிவ்யூ அன்னிக்கு எக்ஸ்டர்னல் சார் முழு வீடியோவையும் பார்க்கலை. யார்தான் 31 நிமிஷம் வோல்ட்மீட்டரைப் பார்ப்பாங்க? ஆனா நேரா அந்த ரெண்டு ஒட்டு எங்கேன்னு கேட்டார். அக்கா 11:45-க்குப் போய் ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திக் காட்டினாங்க. சார் ஸ்டாப்வாட்ச் எண்களைத் தானே ஒரு பேப்பரில் எழுதிக் கழிச்சுப் பார்த்தார். அப்புறம், "ஒரிஜினல் துண்டுகள் இருக்கா?"ன்னார். கார்டை அழிக்காம எடுத்து வெச்சிருந்தோம். பேரையும் சைஸையும் பார்த்துட்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்லிட்டார்.

அந்தக் கார்டு இன்னமும் அக்காவோட டிராயரில் கவரில் போட்டு இருக்கு. ஒட்டின ஃபைல் பார்க்கிறதுக்கு, துண்டுகள் சாட்சிக்கு. அதனால ஃப்ரேம் கணக்கு பொருந்தி, தேவையான ஓடையெல்லாம் வந்திருக்குன்னு பார்க்கிற வரைக்கும் கார்டை ஃபார்மேட் பண்ணிடாதீங்க. அது உங்க ப்ராஜெக்டுக்கு ஆதாரம்னா, ரிசல்ட் வர்ற வரைக்கும் கார்டு கவருக்குள்ளேயே தூங்கட்டும்!